மண் சொப்பு செய்யலாம்: ஐந்து வயதுப் பிள்ளையோடு களிமண் விளையாட, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பையனுக்கு ஐந்து வயசு. எந்த மண் வாங்குறது? கடையில கலர் கலரா விக்கிற களிமண்ணும் இதுவும் ஒண்ணா?

இரண்டும் வேறு. கலர் கட்டிகளாக வருபவற்றில் பெரும்பாலானவை எண்ணெயோ மாவோ சேர்த்துப் பிசைந்தவை. எண்ணெய் சேர்ந்தது எத்தனை நாள் வைத்தாலும் காயாது. இங்கே நான் சொல்வது பானை வனைகிற மண்.

அதை மண்பாண்டம் செய்பவரிடமே போய் வாங்குவதுதான் நல்லது. மானாமதுரை, காருகுறிச்சி மாதிரி பெயர்பெற்ற ஊர்கள்தான் வேண்டும் என்றில்லை. அகலும் அடுப்பும் செய்கிறவர் பக்கத்தில் எங்காவது இருப்பார். விநாயகர் சதுர்த்தி நெருங்கும்போது பிள்ளையார் பிடித்து விற்கும் இடங்களிலும் கிடைக்கும். "மிதிச்ச மண் வேணும், பிள்ளை விளையாடுறதுக்கு" என்று கேளுங்கள். கல், வேர் பொறுக்கி, சலித்து, அளவாக மணல் சேர்த்து, காலால் மிதித்துப் பதப்படுத்தியதைத் தருவார்கள். அந்த உழைப்பை வீட்டில் நாம் செய்து முடிப்பது கடினம். சாயமோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸோ கலந்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் விளையாட ஒரு கிலோ தாராளம்.

ஊர்ல கண்மாய் மண் சும்மாவே கிடைக்குதே, அதை எடுத்துட்டு வந்தா ஆகாதா?

ஆகும். ஆனால் எடுத்தவுடனே பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது. வண்டல் மண்ணில் நத்தை ஓடு, கண்ணாடிச் சில், முள் எல்லாம் இருக்கும். நாயும் பூனையும் கழிவிட்ட இடத்து மண்ணில் புழுக்களின் முட்டை இருக்கலாம். வீட்டைச் சுற்றியுள்ள மண்ணை நான் எடுப்பதே இல்லை. பழைய பெயின்ட் உதிர்ந்து விழுந்த சுவரடி மண்ணும், பெரிய சாலையோர மண்ணும் வேண்டவே வேண்டாம், ஈயம் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு.

நல்ல இடத்து மண்ணாக இருந்தால், கட்டிகளாகவே வெயிலில் நன்றாகக் காயப் போடுங்கள். காய்ந்த கட்டியை வாளித் தண்ணீரில் போட்டு ஓர் இரவு ஊற விட்டு, மறுநாள் கலக்கி, பழைய மாவுச் சல்லடையில் வடிகட்டுங்கள். கல்லும் ஓடும் சல்லடையில் நின்றுவிடும். வடிந்த குழம்பை அசையாமல் வைத்தால் மண் கீழே படியும். மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் இருப்பதைப் பழைய வேட்டித் துணியில் கொட்டி நிழலில் விடுங்கள். மூன்று நான்கு நாளில் பிசைகிற பதத்துக்கு வரும். இதெல்லாம் பெரியவர்கள் வேலை. வடிகட்டினாலும் புழு முட்டை முழுவதும் போய்விடும் என்று சொல்ல முடியாது. அதனால் இன்னும் எதையாவது வாயில் வைக்கிற பிள்ளை என்றால் மண்பாண்டக்காரரிடம் வாங்கிய மண்ணே சரி. கையில் காயம் இருக்கும் நாளில் எந்த மண்ணும் வேண்டாம். ஐந்து, ஆறு வயதில் போட வேண்டிய டிபிடி பூஸ்டர் ஊசி போட்டாயிற்றா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ரணஜன்னிக்கான பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது.

பதம் சரியா இருக்குன்னு எப்படித் தெரியும்?

பென்சில் தடிமனுக்கு ஒரு திரி உருட்டி, உங்கள் ஆள்காட்டி விரலில் மோதிரம் போலச் சுற்றிப் பாருங்கள். உடையாமல் சுற்றி வந்தால் சரி. வெளிப்பக்கம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை. கையை நனைத்து நனைத்துப் பிசையுங்கள், மண் மேல் தண்ணீரைக் கொட்டாதீர்கள். எவ்வளவு நனைத்தாலும் வெடித்துக்கொண்டே இருந்தால் அதில் மணல் அதிகம், களி குறைவு. கை முழுக்க ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் கூடிவிட்டது. சுடுமண் தட்டு அல்லது செங்கல் மேல் அரை மணி நேரம் பரப்பி வைத்தால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

பிள்ளைக்குச் சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் இளக்கமாக இருக்கட்டும். பெரியவருக்குச் சரியான பதம் ஐந்து வயது விரலுக்குக் கல் மாதிரி. மண் பிடிக்காமல் எழுந்து போகிறார்கள் என்று நாம் நினைப்போம், பல நேரம் மண் இறுக்கமாக இருப்பதுதான் காரணம்.

அஞ்சு வயசுல என்னதான் செய்ய வரும்? பொம்மை செய்யச் சொன்னா பாதியிலயே விட்டுடுறான்.

பொம்மையில் தொடங்காதீர்கள். கை, கால், தலை என்று ஒட்டுகிற வேலைதான் அதில் அதிகம், அதுதான் எளிதில் விழும். சொப்புச் சாமானில் தொடங்குங்கள். பானை, சட்டி, அகல், அடுப்பு எல்லாமே ஒரே உருண்டையிலிருந்து வருபவை. செய்து முடித்தபின் விளையாடவும் ஆகும்.

என் மகளோடு முதலில் செய்தது ஒரு சின்னச் சட்டியும் அதை வைக்க ஓர் அடுப்பும். எலுமிச்சை அளவு மண்ணை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து, விரிசல் இல்லாமல் உருட்டச் சொன்னேன். உருண்டையை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கட்டை விரலை நடுவில் இறக்க வேண்டும். அடிவரை போய்விடக் கூடாது, ஒரு விரல் தடிமன் மிச்சம் இருக்க வேண்டும். இதைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. "அந்தப் பக்கம் இருக்கிற உன் கையில் விரல் இடிக்கிற மாதிரி தெரிஞ்சா நிறுத்திடு" என்றேன், அது புரிந்தது. அப்புறம் கட்டை விரல் உள்ளே, மற்ற விரல்கள் வெளியே. ஒரு கிள்ளு, கொஞ்சம் திருப்பு, ஒரு கிள்ளு. அடியிலிருந்து தொடங்கி விளிம்புக்கு வர வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் விளிம்பையே அழுத்துவார்கள், அது காகிதம் போல மெலிந்து பூ மாதிரி விரியும். அப்படி விரிந்தால் விளிம்பை இரண்டு கையாலும் குவித்து உள்நோக்கித் தட்டிவிடுங்கள், சட்டி மறுபடி சட்டியாகும். சுவர் உங்கள் சுண்டு விரல் தடிமனுக்கு ஒரே சீராக இருந்தால் போதும். அதைவிட மெலிதாக்க அவசரப்பட வேண்டாம்.

அடுப்புக்கு ஆரஞ்சு அளவு மண். அதே மாதிரி கிண்ணமாக்கி, ஒரு பக்கம் விறகு வைக்க வாய் வெட்ட வேண்டும். ஐஸ்கிரீம் குச்சியே கத்தி. மேலே மூன்று குமிழ் வேண்டும், பாத்திரம் நிற்க. மூன்று குண்டு கோலி அளவு உருண்டை. இவற்றை ஒட்டும்போதுதான் அடுத்த கேள்வி வரும்.

சக்கரம் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். சுற்றுகிற மண்ணை நடுவில் நிறுத்த முழங்கை பலம் வேண்டும், ஐந்து வயதில் அது வராது. ஐயனார் கோயில் புரவிகள் அவ்வளவு உயரமானவை, அவற்றின் உடலே கையால் படிப்படியாகக் கட்டி எழுப்பியதுதான்.

ஒட்டின காது, குமிழ் எல்லாம் காஞ்சதும் கழண்டு விழுது. ஏன்?

வெறுமனே அழுத்தி ஒட்டினால் மேற்பரப்புகள் தொட்டுக்கொண்டு நிற்குமே தவிர, மண்ணோடு மண் கலக்காது. காயும்போது இரண்டும் தனித்தனியாகச் சுருங்கி விலகும். அதனால் ஒட்டுகிற இரண்டு பக்கத்திலும் ஈர்க்குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீற வேண்டும். அதே மண்ணைத் தண்ணீரில் கரைத்து இட்லி மாவு பதத்தில் வைத்துக்கொண்டு, கீறிய இடத்தில் தடவி, அழுத்தி, லேசாக அசைத்து உட்கார வைக்க வேண்டும். ஓரத்தைச் சுற்றி விரலால் வழித்துக் கீழ் மண்ணோடு இழுத்துச் சேர்த்துவிட்டால் பிடித்துக்கொள்ளும். வெறும் தண்ணீர் தடவினால் வழுக்கும், ஒட்டாது.

இன்னொரு காரணமும் உண்டு. அடுப்பை நேற்றுச் செய்துவிட்டு இன்றைக்குக் குமிழ் வைத்தால், அடுப்பு பாதி சுருங்கியிருக்கும், குமிழ் இனிமேல்தான் சுருங்கும். கட்டாயம் விரிசல் விடும். ஒரே உட்காரலில் முடித்துவிடுங்கள். பிள்ளைக்குச் சலித்துவிட்டால் ஈரத்துணி சுற்றி, மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

குச்சியைச் செருகி உறுதிப்படுத்தலாமே என்று தோன்றும். குச்சி சுருங்காது, மண் சுருங்கும். குச்சியைச் சுற்றியே வெடிக்கும்.

கண்ணுக்குக் குன்றிமணி வைக்கலாமா? பிள்ளையாருக்கு வைக்கிறாங்களே.

பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். குன்றிமணியின் உள்ளே கடும் விஷம் இருக்கிறது. முழுசாக விழுங்கினால் மேல் ஓடு கெட்டியாக இருப்பதால் சில நேரம் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்துவிட்டாலோ துளை போட்ட மணி என்றாலோ ஆபத்து. வாயில் போட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணுக்கு ஈர்க்குச்சி முனையால் ஒரு குத்து போதும். சதுர்த்தி முடிந்து பிள்ளையாரை வீட்டு வாளியில் கரைத்து, அந்த மண்ணை மறுபடி விளையாட எடுப்பவர்களும் முதலில் கண் இரண்டையும் எடுத்து எண்ணி, வெளியே போட்டுவிட்டுத்தான் கரைக்க வேண்டும்.

வெயில்ல வச்சா ஒரே நாள்ல காஞ்சிடாதா?

வெளியே காய்ந்துவிடும், உள்ளே காயாது. விரிசலுக்குக் காரணமே அதுதான். மண் துகள்களுக்கு இடையில் தண்ணீர் இருக்கிறது. அது போகப் போகத் துகள்கள் நெருங்குகின்றன, பாத்திரம் சுருங்குகிறது. விளிம்பு மெலிது, காற்று படுகிறது, முதலில் சுருங்கும். அடி தடிமன், தரையோடு ஒட்டியிருக்கிறது, அப்படியே நிற்கும். சுருங்கும் விளிம்பு சுருங்காத அடியை இழுக்க முடியாமல் கிழியும். ஆகவே எல்லா இடமும் ஒரே வேகத்தில் காய வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலை செய்த சட்டியும் அடுப்பும் காய்ந்த கதை இது. பழைய செய்தித்தாளை இரண்டாக மடித்துத் தட்டில் போட்டு அதன்மேல் வைத்தோம். சுருங்கும்போது அடி நகர அது உதவும். நேராகச் சிமென்ட் தரையிலோ தட்டிலோ வைத்தால் அடி பிடித்துக்கொண்டு நடுவில் வெடிக்கும். மேலே லேசான பருத்தித் துணி போர்த்தி, மின்விசிறிக் காற்று நேரே படாத அலமாரித் தட்டில், வீட்டுக்கு வரும் குட்டிப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டால் செருப்புத் தோல் மாதிரி இருந்தது. அமுங்கவில்லை, ஆனால் நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. இந்தக் கட்டத்தில்தான் கரடுமுரடை ஈர ஸ்பாஞ்சால் தடவிச் சமன் செய்யலாம், ஈர்க்குச்சியால் கோலமும் போடலாம். மகள் சட்டியைச் சுற்றிப் புள்ளி வைத்தாள். அன்று மாலை இரண்டையும் தலைகீழாகக் கவிழ்த்தேன், அடிக்கும் காற்று படட்டும் என்று. திங்கள், செவ்வாய் துணியோடு. புதன்கிழமை துணியை எடுத்தேன். சட்டியின் நிறம் வெளுத்திருந்தது, அடுப்பின் அடி மட்டும் இன்னும் கறுப்பாக இருந்தது. வெள்ளிக்கிழமை அதுவும் வெளுத்தது. அப்புறம்தான் ஒரு மணி நேரம் இளவெயில்.

உள்ளே ஈரம் போயிற்றா என்று பார்க்க, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் சமையல் தராசில் எடை போடுங்கள். எங்கள் சட்டி சனிக்கிழமை 82 கிராம், வெள்ளிக்கிழமை 65. மறுநாளும் 65. எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. மழைக்காலத்தில் இதற்குப் பத்து நாள்கூட ஆகும், பரவாயில்லை. ஹேர் டிரையர், அடுப்பு மேல் வைப்பது இரண்டும் வேண்டாம்.

மயிரிழை விரிசல் தோல் பதத்திலேயே தெரிந்தால், அந்த இடத்தை லேசாக நனைத்து, கட்டியான மண் குழம்பை அடைத்து விரலால் தேய்த்தால் சேரும். முழுக்கக் காய்ந்தபின் வந்த விரிசல் சேராது. கரைத்துவிட்டு மறுபடி செய்யலாம்.

காஞ்சதை கேஸ் அடுப்பிலோ ஓவன்லயோ சுட்டுடலாமா? அதுல தண்ணி குடிக்கணுமாம்.

வேண்டாம். காய்ந்தது போலத் தெரியும் மண்ணிலும் கொஞ்சம் ஈரம் இருக்கும். 100 டிகிரியைத் தாண்டினால் அது ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் பாத்திரத்தை வெடிக்க வைக்கும். சில்லு முகத்தில் தெறிக்கும். அப்படி வெடிக்காமல் தப்பினாலும் அது பானையாகாது. மண் துகளோடு பிணைந்திருக்கும் நீர் பிரிந்து போக 500, 600 டிகிரி சூடு வேண்டும், அப்போதுதான் மறுபடி கரையாத பொருளாகிறது. வீட்டு ஓவன் 250 டிகிரியோடு நின்றுவிடும்.

சுடாத சட்டியில் தண்ணீர் ஊற்றினால் சில நிமிடத்தில் அடி இளகிவிடும். அதனால் உண்ணவும் குடிக்கவும் கூடாது. அரிசி, பயறு போட்டு விளையாடட்டும். தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்றால் மண் வாங்கிய இடத்திலேயே கேளுங்கள், அடுத்த சூளையில் வைத்துத் தருவார்களா என்று. அவர் மண்ணிலேயே செய்து, நன்றாகக் காய்ந்து, சுவர் சீராக இருந்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தடித்த, ஈரமான பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். அது வெடித்தால் பக்கத்தில் இருக்கும் அவருடைய பானையும் உடையும். ஈரமாக இருக்கும்போதே அடியில் பிள்ளையின் பெயரின் முதல் எழுத்தைக் கீறிவைத்தால் அடையாளம் தெரியும்.

என்ன கலர் அடிக்கலாம்?

காய்ந்த பிறகு சாதாரண போஸ்டர் கலர். பிரஷ்ஷில் தண்ணீர் குறைவாக இருக்கட்டும், இல்லையென்றால் மண்ணும் கரைந்து வரும். கோலத்துக்குப் போடும் செங்காவியைத் தண்ணீரில் குழைத்தும் அடிக்கலாம், பொடியைக் கரைப்பது பெரியவர் வேலை. வெள்ளைக்குச் சுண்ணாம்பு வேண்டாம், கையையும் கண்ணையும் சுட்டுவிடும். பச்சரிசி மாவைக் கரைத்தாலே வெள்ளைக் கோடு போடலாம்.

மண் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்னு படிச்சேன். பயமா இருக்கு.

நீங்கள் படித்தது சரிதான். களிமண்ணில் சிலிக்கா என்ற கனிமம் மிக நுண்ணிய துகளாக இருக்கிறது. அந்தத் தூசியை வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் கெடும், தொழிலாகச் செய்பவர்களுக்கு உள்ள ஆபத்து இது. ஈர மண்ணிலிருந்து தூசி கிளம்பாது. அதனால் ஈர மண்ணைக் கையில் கொடுப்பதில் பயமில்லை. காய்ந்த மண்ணில்தான் கவனம் வேண்டும். காய்ந்த சட்டியை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. பொடி மண்ணை வாங்கிவந்து பிள்ளை எதிரில் கலக்கக் கூடாது. இந்த மூன்றும் இல்லாவிட்டால் வீட்டில் தூசி பெரும்பாலும் கிளம்பாது. ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் பூஞ்சை பூத்த பழைய மண்ணையும் தவிர்த்துவிடுங்கள்.

சுத்தம் பண்றதை நினைச்சாதான் மலைப்பா இருக்கு. குழாயடியில கழுவி விட்டா போதுமா?

குழாயடியில் மட்டும் கழுவாதீர்கள். மண் தண்ணீரோடு போய்விட்டது போல இருக்கும், ஆனால் கழுவுதொட்டிக்குக் கீழே வளைந்த குழாயில் படிந்து இறுகிவிடும். எங்கள் பழைய வாடகை வீட்டில் ஒரு மழைநாள் முழுக்க விளையாடிவிட்டு அப்படித்தான் கழுவினேன். அடுத்த வாரம் குழாயைக் கழற்ற வேண்டியதாயிற்று.

இரண்டு வாளி வையுங்கள். முதல் வாளியில் கையும் குச்சியும் பலகையும் கழுவி, பெரும்பாலான மண்ணை அங்கேயே இறக்கிவிட வேண்டும். இரண்டாவதில் அலசல். அதற்குப் பிறகு குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவலாம், நக இடுக்கு உட்பட. மண் தோலின் எண்ணெய்ப் பசையை இழுத்துவிடும், துடைத்தபின் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள். வாளிகளை அன்றிரவு அப்படியே விட்டால் காலையில் மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். அதைச் செடிக்கு ஊற்றலாம். அடியில் இருக்கும் சேறு மறுபடி மண்ணாகும். வாளியில் தண்ணீர் இருக்கும்வரை தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்தி வையுங்கள்.

தரையைப் பொறுத்தவரை, விரித்த செய்தித்தாளை உதறாமல் ஓரத்திலிருந்து உள்பக்கமாகச் சுருட்டி எடுங்கள். டைல்ஸில் சிந்திய குழம்பு வழுக்கும், பிள்ளை எழுந்து ஓடுவதற்கு முன்னால் முதலில் அதைத் துடைத்துவிடுங்கள். பிறகு ஈரத்துணியால் இரண்டு தடவை. முதல் தடவை மண் பரவும், இரண்டாவதில்தான் போகும். உடுப்பை வாளியில் அலசி மண்ணை இறக்கிவிட்டுத்தான் வாஷிங் மெஷினில் போட வேண்டும். செம்மண் கறை வெள்ளைத் துணியில் போகாது, பழைய நிறத் துணியை மாட்டிவிடுங்கள்.

மண்ணைத் தின்னுறா. விளையாட்டுக்கா, வேறெதுவுமா?

ஒரு தடவை நாக்கில் வைத்துப் பார்ப்பது எல்லாப் பிள்ளையும் செய்வது. வாய் கொப்பளிக்கச் சொன்னால் போதும். ஆனால் கேட்டு வாங்கியோ ஒளிந்தோ திரும்பத் திரும்பத் தின்றால், மண் விளையாட்டை நிறுத்திவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவாலும் இந்த ஆசை வரும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதட்டினால் ஒளிந்து தின்பாளே தவிர நிறுத்த மாட்டாள்.

மிச்ச மண்ணையும் உடைஞ்சதையும் என்ன பண்றது?

மிச்ச மண்ணை உருட்டி, ஈரத்துணி சுற்றி, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். லேசாகச் சேற்று வாசம் வருவது இயல்பு. பழகிய மண் இன்னும் நன்றாக வளையும்.

உடைந்த சட்டியை மறுபடி மண்ணாக்கலாம், ஆனால் பாதி காய்ந்த நிலையில் தண்ணீரில் போடாதீர்கள். அது கட்டி கட்டியாகவே கிடக்கும். முழுக்கக் காய விட்டு, பிறகு போடுங்கள். காய்ந்த மண்ணின் இடுக்குகளில் தண்ணீர் வேகமாகப் புகுந்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளும். குமிழ் குமிழாக வந்து, சட்டி தானாகவே சரிந்து இறங்கும். யாரும் தொடவே வேண்டாம். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, உடைந்த துண்டைப் பிள்ளை கையாலேயே போடச் சொல்லுங்கள். என் மகள் அடுப்பின் உடைந்த குமிழைப் போட்டுவிட்டு, அது முழுக்கக் கரையும்வரை கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நல்லாயிருந்த சட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தாள், அதையும் போடலாமா என்று.